ஒற்றைக் கேமரா ஓடோமெட்ரி: ஸ்கேல் நழுவுவதைக் கண்டுபிடிப்பதும், ஐ.எம்.யு. எப்போது தேவை என்று முடிவெடுப்பதும்

ஒரே கேமராவின் வீடியோவை வைத்து வண்டி எந்த வழியில் போனது என்று கணக்கிடுவதுதான் மோனோகுலர் விஷுவல் ஓடோமெட்ரி. நாற்பது ஐம்பது வரி பைத்தானில் ஓரளவு ஓடும் ஒன்றை எழுதிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். வரும் பாதையில் திருப்பங்கள் சரியாக இருக்கும், ஆனால் தெருக்களின் நீளம் போகப்போகச் சுருங்கும், அல்லது ஊதும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும், முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும் சுழற்சியை அளக்கும் ஜைரோவும் சேர்ந்த ஐ.எம்.யு. ஒன்றை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் அதுதான் சரியான மருந்து. காரில் பெரும்பாலும் அது முதல் மருந்து அல்ல. ஏன் என்பதை ஒரு டேட்டாசெட்டை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கிட்டி வரிசை 00

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 2011-இல் காரின் கூரையில் கேமராக்களை வைத்துப் பதிவு செய்ததுதான் கிட்டி. அதன் ஓடோமெட்ரிப் பகுதியில் 22 வரிசைகள் உண்டு. அவற்றில் 00 முதல் 10 வரையிலான பதினொன்றுக்கு உண்மைப் பாதையும் தரப்பட்டிருக்கிறது. வரிசை 00-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4541 ஃபிரேம்கள், நொடிக்கு 10 ஃபிரேம், குடியிருப்புத் தெருக்களில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். திருப்பங்கள் நிறைய, சில தெருக்களில் வண்டி மறுபடியும் வருகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். `image_0` ஃபோல்டரில் உள்ள கருப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் போதும். படங்கள் ஏற்கெனவே நேராக்கப்பட்டவை என்பதால் லென்ஸ் வளைவைத் திருத்த வேண்டியதில்லை.

படி 2: இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே நகர்வு

```python
K = np.array([[718.856, 0, 607.1928],
              [0, 718.856, 185.2157],
              [0, 0, 1.0]])
p0 = cv2.goodFeaturesToTrack(img0, 2000, 0.01, 10)
p1, st, _ = cv2.calcOpticalFlowPyrLK(img0, img1, p0, None)
ok = st.ravel() == 1
a, b = p0[ok], p1[ok]
E, m = cv2.findEssentialMat(a, b, K, method=cv2.RANSAC,
                            prob=0.999, threshold=1.0)
_, R, t, m = cv2.recoverPose(E, a, b, K, mask=m)

pos = pos + s * (C @ (-R.T @ t))
C = C @ R.T
```

`C` ஐடென்டிட்டியாகவும் `pos` 3×1 பூஜ்யமாகவும் தொடங்கட்டும். கடைசி இரண்டு வரிகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். `recoverPose` தரும் `R`, `t` இரண்டும் முதல் கேமராவின் ஆயத்தில் உள்ள புள்ளியை இரண்டாம் கேமராவின் ஆயத்துக்கு மாற்றுபவை. கேமராவின் இடப்பெயர்ச்சி வேண்டுமென்றால் அவற்றைத் தலைகீழாக்க வேண்டும். `+t` என்றே போட்டுவிட்டால் பாதை பின்னோக்கி ஓடும், இடது வலதாகும். அதைப் பார்த்துவிட்டு கேலிப்ரேஷனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது `t`-இன் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். எந்த ஃபிரேமிலும் 1 என்றே வரும். வண்டி 20 சென்டிமீட்டர் நகர்ந்தாலும் 1, ஒன்றரை மீட்டர் நகர்ந்தாலும் 1. அருகில் உள்ள சிறிய பொம்மை வீதியும் தூரத்தில் உள்ள நிஜ வீதியும் ஒரே படத்தைத்தான் தரும். எனவே திசை தெரியும், தூரம் தெரியாது. மேலே உள்ள `s`, அதாவது ஸ்கேல், எங்கிருந்து வரும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பல பயிற்சி நிரல்கள் இந்த `s`-ஐ கிட்டியின் உண்மைப் பாதைக் கோப்பிலிருந்தே எடுத்துப் போடுகின்றன. பெயரில் `scale` என்று வரும் ஏதாவது ஒரு ஃபங்ஷன் `poses/00.txt`-ஐத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், நீங்கள் காணும் அழகான பாதையில் பாதி விடைத்தாளைப் பார்த்து எழுதியது. சொந்தக் கேமராவுக்கு மாறிய அன்றே அது குலையும்.

படி 3: ஸ்கேலை ஃபிரேமிலிருந்து ஃபிரேமுக்குக் கடத்துதல்

உண்மைப் பாதையை மூடிவிட்டு, முதல் நகர்வை ஒரு அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நகர்வு அதைப்போல் எத்தனை மடங்கு என்பதை இரண்டு நகர்வுகளிலும் தெரிந்த புள்ளிகள் சொல்லும். 0, 1, 2 என்ற மூன்று ஃபிரேம்களிலும் டிராக் ஆன புள்ளிகளை மட்டும் எடுங்கள். (0,1) ஜோடியை வைத்து முக்கோணமிட்டு, ஃபிரேம் 1-இலிருந்து அவற்றின் ஆழத்தைக் கணக்கிடுங்கள். பிறகு (1,2) ஜோடியை வைத்து அதே புள்ளிகளின் ஆழத்தை அதே ஃபிரேம் 1-இலிருந்து மறுபடி கணக்கிடுங்கள். புள்ளி ஒன்றுதான், ஆழமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே:

```python
s_new = s_prev * np.median(z01 / z12)
```

சராசரி எடுக்காமல் மீடியன் எடுப்பதற்குக் காரணம், எதிரே நகரும் கார்களும் தவறாக டிராக் ஆன இலைகளும் சராசரியை இழுத்துவிடும் என்பதே.

முழம் போட்டுத் துணி அளக்கும்போது முதல் ஆள் தன் முழத்தை இரண்டாம் ஆளுக்குக் காட்டிவிட்டுப் போக, அவர் மூன்றாம் ஆளுக்குக் காட்டிவிட்டுப் போவது போலத்தான் இது. ஒவ்வொரு கைமாறலிலும் சிறிது பிசகும், பிசகுகள் பெருக்கலாகச் சேரும். ஒவ்வொரு படியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் ஒரே பக்கமாகப் பிசகினால், ஆயிரம் படிகளில் 1.001-இன் ஆயிரமாவது அடுக்கு, அதாவது 2.7 மடங்கு. தொடக்கத்தில் 100 மீட்டராக இருந்த தெரு கடைசியில் 270 மீட்டராகத் தெரியும். பிழை இரு பக்கமும் சமமாக விழுந்தால் இவ்வளவு மோசமாகாது. அப்போதும் படிக்கு ஒரு விழுக்காடு பிசகினால் ஆயிரம் படிகளில் முப்பது விழுக்காடு அளவுக்கு அலைவது இயல்பு. இதைத்தான் ஸ்கேல் டிரிஃப்ட் என்கிறார்கள்.

படி 4: நழுவுவது ஸ்கேல்தானா என்று உறுதி செய்தல்

படத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். செங்கோண முனைகள் செங்கோணமாகவே இருந்து நீளங்கள் மட்டும் மாறினால் அது ஸ்கேல். நீளம் சரியாக இருந்து நேர்த் தெரு வில்லாக வளைந்தால் சுழற்சிப் பிழை. அப்போது முதலில் குவிய நீளத்தையும் லென்ஸ் திருத்தத்தையும் சோதியுங்கள்.

எண்ணாகப் பார்க்க, உண்மைப் பாதையை 100 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் உங்கள் பாதையின் நீளத்தை உண்மை நீளத்தால் வகுத்து வரையுங்கள். கோடு கிடையாக இருந்தால், அதன் மதிப்பு 0.4 ஆனாலும் 7 ஆனாலும் கவலையில்லை. அது ஒரே ஒரு மாறிலி, கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம். கோடு சரிந்தால் அது நழுவல்.

பாதைகளை ஒப்பிடும் `evo` கருவியைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்க வேண்டும்:

```bash
evo_ape kitti poses/00.txt est.txt -a --plot --plot_mode xz
evo_ape kitti poses/00.txt est.txt -as --plot --plot_mode xz
```

`-s` பாதை முழுவதற்கும் ஒரே ஸ்கேலைப் பொருத்திவிடுகிறது. அதைப் போட்ட பிறகும் பிழை பெரிதாக நின்றால், பாதைக்குள்ளேயே ஸ்கேல் மாறுகிறது அல்லது சுழற்சி தவறுகிறது என்று பொருள். எது என்பதைத் துண்டு வரைபடம் காட்டிவிடும்.

எங்கே நழுவுகிறது

அந்த வரைபடத்தைத் திருப்பங்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பெரிய தாவல்கள் தெருமுனைகளில்தான் விழுந்திருக்கும். காரணத்தை எண்களிலேயே பார்த்துவிடலாம்.

வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நேராகப் போனால் ஒரு ஃபிரேமுக்கு 1 மீட்டர். பாதையிலிருந்து 5 மீட்டர் தள்ளி, 10 மீட்டர் முன்னே ஒரு கம்பம் இருக்கிறது. அது படத்தில் ஏறக்குறைய 40 பிக்சல் நகரும். டிராக்கிங்கில் அரை பிக்சல் தவறினால் ஆழத்தில் ஒன்றேகால் விழுக்காடு பிழை. அதே கம்பம் 40 மீட்டர் முன்னே இருந்தால் நகர்வு 2.3 பிக்சல்தான். அதே அரை பிக்சல் இப்போது இருபது விழுக்காட்டுக்கு மேல் பிழையாகிறது. ஆகவே ஸ்கேலைச் சுமப்பவை அருகில் உள்ள புள்ளிகள். தொலைவில் தெரியும் கட்டடங்கள் சுழற்சிக்கு நல்ல சாட்சி, ஸ்கேலுக்கு உதவாது.

இனி திருப்பம். வண்டி நொடிக்கு 18 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு ஃபிரேமுக்கு 1.8 டிகிரி, அதுவே படத்தில் ஏறக்குறைய 23 பிக்சல் நகர்வு. இந்த 23 பிக்சலில் ஆழத்தைப் பற்றிய தகவல் ஒரு துளியும் இல்லை, முழுக்கச் சுழற்சி. வேகமும் குறைந்துவிட்டதால் ஆழத்தைச் சொல்லும் பகுதி இன்னும் சிறியது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்தக் கேமராவின் கிடைப் பார்வைக் கோணம் சுமார் 82 டிகிரி. 90 டிகிரி திரும்பி முடிக்கும்போது, திரும்பத் தொடங்கியபோது தெரிந்த ஒரு புள்ளிகூடப் படத்தில் மிச்சமிருக்காது. புதுத் தெருவின் ஸ்கேல் முழுவதும் திருப்பத்தின் நடுவில், மிகக் குறைந்த நகர்வில் உருவான புள்ளிகளைத்தான் நம்பியிருக்கிறது.

படி 5: ஐ.எம்.யு. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, எல்லா ஃபிரேமையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சுழற்சியைக் கழித்த பிறகு புள்ளிகளின் மீடியன் நகர்வு பத்துப் பதினைந்து பிக்சலைத் தாண்டும்போது மட்டும் கீஃபிரேம் எடுங்கள். வண்டி சிக்னலில் நிற்கும்போது `t`-இன் திசையே வெறும் இரைச்சல்தான். அதைப் பாதையில் கூட்டினால் நின்ற இடத்திலேயே வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். கடைசி ஏழெட்டு கீஃபிரேம்களைச் சேர்த்து, கேமரா இடங்களையும் புள்ளிகளையும் ஒன்றாகத் திருத்தும் பண்டில் அட்ஜஸ்ட்மென்ட் ஓட்டினால் மூன்று ஃபிரேம் சங்கிலியின் பெரும்பகுதி இரைச்சல் அடங்கிவிடும்.

இரண்டாவது, காரில் மிகவும் பலன் தருவது, தரை. கிட்டியில் கேமரா தரையிலிருந்து 1.65 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படத்தின் கீழ்ப்பகுதியில் சாலைப் புள்ளிகளை முக்கோணமிட்டு ஒரு தளத்தைப் பொருத்துங்கள். அந்தத் தளத்திலிருந்து கேமராவின் உயரம் உங்கள் அலகில் `h` என்று வந்தால், `1.65 / h` என்பதுதான் மீட்டருக்கு மாற்றும் எண். இது கைமாறி வந்த அளவு அல்ல. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கிறது, அதனால் பிழை பெருகுவதில்லை.

ஆனால் புள்ளிகளின் உயரத்தைச் சும்மா சராசரி எடுக்காதீர்கள். பிரேக் போடும்போது கேமரா 1 டிகிரி குனிந்தால் 10 மீட்டர் முன்னே உள்ள சாலை 17 சென்டிமீட்டர் ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரியும். 1.65-இல் அது பத்து விழுக்காடு. தளத்தின் சாய்வையும் சேர்த்துப் பொருத்தினால் இது வராது. முன்னே ஒரு வேன் சாலையை மறைக்கும் நேரத்தில் `h` கண்டபடி தாவும். கடைசிப் பத்து மதிப்புகளின் மீடியனிலிருந்து வெகுவாக விலகுவதைத் தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, வந்த இடத்துக்கே திரும்பி வரும் பாதையானால் லூப் மூடுதல். இங்கே சுழற்சி, இடம் ஆகிய ஆறை மட்டும் திருத்தினால் போதாது. ஏழாவதாக ஸ்கேலையும் ஒவ்வொரு கீஃபிரேமுக்கும் மாற விட வேண்டும். ஸ்ட்ராஸ்டாட், மோன்டியல், டேவிசன் ஆகியோர் 2010-இல் காட்டிய வழி இது. ORB-SLAM என்ற நிரல் ஒற்றைக் கேமராவில் இதைத்தான் செய்கிறது. லூப் மூடும்வரை பாதை தவறாகவே இருக்கும். கடைசியில் திருத்திக்கொள்ளும் வரைபடம் தயாரிப்பவருக்கு இது போதும். அந்த நொடியில் வண்டியை ஓட்ட வேண்டியவருக்குப் போதாது.

படி 6: ஐ.எம்.யு. எதைத் தரும், எங்கே தராது

ஆக்சிலரோமீட்டர் மீட்டர் கணக்கில் பேசுகிறது. கேமரா சொல்லும் அலகில்லா முடுக்கத்தையும் அது சொல்லும் முடுக்கத்தையும் ஒப்பிட்டால் ஸ்கேல் கிடைத்துவிடும். அதற்கு முடுக்கம் இருக்க வேண்டும், முடுக்கமும் மாறிக்கொண்டிருக்க வேண்டும்.

கையில் பிடித்த கேமராவை நொடிக்கு ஒருமுறை, நடுவிலிருந்து இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் ஆட்டினால் உச்ச முடுக்கம் ஏறக்குறைய 4 மீ/வி². விலை குறைந்த சென்சாரில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழை, அதாவது பயாஸ், 0.05 மீ/வி² என்று வைத்தால் அதற்கு இது எண்பது மடங்கு. ஸ்கேல் தெளிவாகப் பிடிபடும். மாறாக, நேர் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரின் முடுக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். சென்சார் சொல்வதில் எது வண்டி, எது பயாஸ் என்று பிரிக்க வழியே இல்லை. சாய்வை 1 டிகிரி தவறாக மதிப்பிட்டால் புவியீர்ப்பிலிருந்து மட்டும் 0.17 மீ/வி² பொய் முடுக்கம் வந்து சேரும். சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றுவதும் இதே கதைதான். வண்டியின் பார்வையில் அந்த முடுக்கம் மாறாமல் நிற்கிறது, ஆகவே ஸ்கேல் தெரியாது. சக்கர வண்டிகளில் ஐ.எம்.யு.-வும் ஒற்றைக் கேமராவும் மட்டும் போதாது என்பதை 2017-இல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு கணித ரீதியாகவே காட்டியது. சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரையும் சேர்ப்பதே அவர்கள் சொன்ன தீர்வு.

ஆக முடிவு இப்படி அமையும். சக்கர வண்டியானால் முதலில் என்கோடர் அல்லது தரை உயரம், அதன் பிறகு ஐ.எம்.யு. கையில் பிடிக்கும் கருவி, தலையில் மாட்டும் கருவி, டிரோன் ஆகியவற்றில் தரை உயரம் நிலையில்லை, சக்கரமும் இல்லை, அசைவோ தாராளம். அங்கே தொடக்கத்திலேயே ஐ.எம்.யு. வையுங்கள். வேகமான திருப்பத்தில் படம் மங்கி டிராக் அறுபடுவதுதான் உங்கள் தொல்லை என்றால், ஸ்கேலைப் பற்றிக் கவலைப்படாதவரும் ஜைரோவுக்காகவே சேர்க்கலாம். அரை நொடி இடைவெளியில் ஜைரோ சொல்லும் சுழற்சி நம்பத்தக்கது. தூரத்துக்கு ஆக்சிலரோமீட்டரைத் தனியே நம்புவது வேறு விஷயம். 0.05 மீ/வி² பயாஸ் பத்து நொடியில் 2.5 மீட்டர், ஒரு நிமிடத்தில் 90 மீட்டர் பிழையாகும்.

படி 7: சேர்ப்பதென்று முடிவானால்

குளோபல் ஷட்டர் கேமரா வாங்குங்கள். ரோலிங் ஷட்டரில் படத்தின் மேல் வரியும் கீழ் வரியும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை. அதற்கென்றே எழுதப்பட்ட நிரல் இல்லாவிட்டால் ஐ.எம்.யு.-வோடு அது ஒத்துப்போகாது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள், ஃபோகஸ் மாறினால் குவிய நீளமும் மாறும். ஐ.எம்.யு. 200 ஹெர்ட்ஸ், கேமரா 20 ஹெர்ட்ஸ் என்பது யூராக் டிரோன் டேட்டாசெட்டின் அமைப்பு, தொடங்குவதற்கு நல்ல அளவு. இரண்டையும் ஒரே கெட்டியான தகட்டில் திருகுங்கள். பசை டேப்பில் ஒட்டிய சென்சார் தனியாக ஆடும். MPU-6050 போன்ற சில்லுகள் ±2g வரம்பில் விழித்தெழும். டிரோன் அதிர்வில் அது எளிதில் முட்டிவிடும், ±8g-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி நேரமுத்திரை. கேமரா நொடிக்கு 1 ரேடியன், அதாவது 57 டிகிரி வேகத்தில் திரும்பும்போது இரண்டு கடிகாரங்களுக்கும் 10 மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தால், 458 பிக்சல் குவிய நீளத்தில் அது 4.6 பிக்சல் பிழை. டிராக்கிங் பிழையைவிடப் பத்து மடங்கு. செவ்வாயில் பறந்த இன்ஜென்யூட்டி ஹெலிகாப்டருக்கே இது நேர்ந்தது. கீழ்நோக்கிய ஒற்றைக் கேமரா, ஐ.எம்.யு., உயரத்துக்கு ஒரு லேசர் மானி, இவைதான் அதன் வழிகாட்டிகள். 2021 மே 22 அன்று நடந்த ஆறாவது பறப்பில், கிளம்பிய 54-ஆவது நொடி வாக்கில் ஒரே ஒரு படம் தொலைந்தது. அதன் பிறகு வந்த படங்களெல்லாம் தவறான நேரமுத்திரையோடு வந்தன. ஹெலிகாப்டர் 20 டிகிரிக்கு மேல் முன்னும் பின்னும் ஊசலாடி, ஒருவழியாக இறங்கியது.

முடிந்தால் ஐ.எம்.யு. அல்லது மைக்ரோகண்ட்ரோலர் தரும் பல்ஸில் கேமராவைக் கிளிக் செய்ய வையுங்கள். முத்திரை எக்ஸ்போஷரின் நடுப்புள்ளிக்கு இருக்கட்டும். யு.எஸ்.பி. வழியாகப் படம் வந்து சேர்ந்த நேரத்தை முத்திரையாகப் போட்டால் தாமதம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். மாறாத தாமதத்தை மட்டுமே நிரல் தானாகக் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு, கேமராவையும் ஐ.எம்.யு.-வையும் சேர்த்து கேலிப்ரேட் செய்யும் `Kalibr`:

```bash
rosrun kalibr kalibr_calibrate_imu_camera --bag data.bag \
  --cam cam.yaml --imu imu.yaml --target april.yaml
```

ஏப்ரில்டேக் பலகையைச் சுவரில் அசையாமல் பொருத்தி, கேமராவை ஒன்றிரண்டு நிமிடம் மூன்று அச்சிலும் நகர்த்தி, மூன்று அச்சிலும் திருப்புங்கள். `imu.yaml`-இல் தரவுத்தாள் சொல்லும் இரைச்சல் எண்களை அப்படியே போட்டால் நிரல் ஐ.எம்.யு.-வை அளவுக்கு மீறி நம்பும். ஐந்து பத்து மடங்கு கூட்டிப் போடுவது வழக்கம். முடிவு அறிக்கையில் நேர இடைவெளி ஒவ்வொரு பதிவிலும் ஒரே எண்ணாக வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை 4, அடுத்த முறை 19 மில்லிசெகண்ட் என்று வந்தால் பிரச்சினை உங்கள் டிரைவரில்தான். மேற்கொண்டு எதையும் டியூன் செய்யாதீர்கள். இடைவெளி நிலையாக இருந்தால், கேமராவையும் ஐ.எம்.யு.-வையும் இணைத்துப் பாதை கணக்கிடும் VINS-Mono நிரலில் `estimate_td: 1` மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஓட்டத் தொடங்கும்போது மேசைமேல் வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு நேராக நடக்காதீர்கள். முதல் சில நொடிகள் மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துக்கொண்டே கொஞ்சம் திருப்புங்கள். ஸ்கேல் அப்போதுதான் நிலைகொள்ளும். தரையில் டேப்பால் 10 மீட்டர் நேர்கோடு அளந்து, அதில் போய் வந்து சோதியுங்கள். போகும்போது 9.9, வரும்போது 9.9 என்றால் சிறிய மாறாப் பிழை, பெரும்பாலும் குவிய நீளத்திலோ ஆக்சிலரோமீட்டர் கேலிப்ரேஷனிலோ இருக்கும். போகும்போது 9.4, வரும்போது 10.7 என்றால் ஸ்கேல் இன்னும் மிதக்கிறது. நேரமுத்திரை, கேமராவுக்கும் ஐ.எம்.யு.-வுக்கும் உள்ள கோணம், இரைச்சல் எண்கள் என்ற வரிசையில் திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்த வரிசையை மாற்றினால் நேரமுத்திரைப் பிழையை இரைச்சல் எண்ணால் மூடிமறைத்துவிட்டு, திருப்பம் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.